வலிக்காத ஞானப்பல்லை என்ன செய்வது?

பல்லுக்குக் கிளிப் போடலாமா என்று கேட்கப் போனாலும் சரி, வேறெங்கோ இருக்கும் சொத்தையைக் காட்டப் போனாலும் சரி, இப்போதெல்லாம் டாக்டர் முதலில் எடுக்கச் சொல்வது ஓ.பி.ஜி. எக்ஸ்ரே. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் ஒரே படத்தில் நீளமாக விரிந்து தெரியும். படத்தின் இரு ஓரங்களில் பேனா முனையை வைத்து, “ஞானப்பல் சாய்ஞ்சு கிடக்கு பாருங்க. எடுத்துடலாம்” என்பார். “வலியே இல்லையே டாக்டர், எதுக்கு எடுக்கணும்?” என்று நாம் கேட்போம். “இப்ப வலி இல்ல. வயசான பிறகு எடுக்கறது கஷ்டம்” என்று பதில் வரும். வீட்டுக்கு வந்தால், எடுத்துவிட்டு ஒரு வாரம் வாயைத் திறக்க முடியாமல் கஞ்சி குடித்த அண்ணன் “தொடாதே” என்பார். எடுக்காமல் விட்டுப் பக்கத்துப் பல்லையும் சேர்த்து இழந்த அத்தை “உடனே எடு” என்பார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். இருவர் வாயிலும் இருந்தவை வெவ்வேறு நிலையில் இருந்த பற்கள் என்பதுதான் சங்கதி. ஞானப்பல்லை எடுப்பதா, வைத்துக்கொண்டு கவனிப்பதா என்பதை ஆளுக்கொரு முடிவாகச் சொல்ல முடியாது. பல்லுக்கொரு முடிவாகத்தான் சொல்ல முடியும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பதற்கும், ஒன்றையும் தொடவே வேண்டாம் என்பதற்கும் நடுவில்தான் பெரும்பாலோரின் விடை இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்பதை நாம் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். வாயின் கடைசி மூலையில் இந்தக் கணக்கு செல்லாது. ஈறு நோய் வருடக்கணக்கில் வலியில்லாமலேயே எலும்பைக் கரைக்கும். சொத்தையும் பல்லின் உள்நரம்பை நெருங்கும்வரை பெரும்பாலும் பேசாமல்தான் இருக்கும். அதனால் பல் மருத்துவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். தொந்தரவு இருக்கிறதா? நோய் இருக்கிறதா? தொந்தரவு இல்லாமல் நோய் மட்டும் இருக்கும் பல், “கவனித்துக்கொள்ளலாம்” என்ற கூட்டத்தில் சேராது. அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். தொந்தரவும் இல்லை, நோயும் இல்லை என்று சோதித்துத் தெரிந்த பல்லைப் பற்றித்தான் உண்மையான விவாதமே.

அப்படிச் சோதிப்பதற்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய ஒரு மெல்லிய கம்பி பல் மருத்துவரிடம் இருக்கும். புரோப் என்பார்கள். ஞானப்பல்லுக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் நல்லது. 4, 5 என்று இறங்கினால், அதோடு ரத்தமும் கசிந்தால், அங்கே கிருமிகள் குடியிருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் கம்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஞானப்பல் ஈறுக்குள் முழுதாக மறைந்திருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கம்பியை இறக்கினால் டக்கென்று பல்லில் இடிக்கும். கம்பி போகும் வழியில் எச்சிலும் கிருமியும் போகும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பல் வாயோடு தொடர்பில்தான் இருக்கிறது. கம்பி எட்டாத அளவுக்கு எலும்புக்குள் மூடிக் கிடக்கும் பல்லும் இதுவும் ஒன்றல்ல. கம்பியே வைக்காமல் படத்தை மட்டும் பார்த்து யாராவது முடிவு சொன்னால், பாதிச் சோதனைதான் நடந்திருக்கிறது.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 24 வயதுப் பெண், கோவையில் வேலை பார்க்கிறார், எந்த வலியும் இல்லை. கற்பனை ஆள்தான். ஆனால் அவர் வாயில் நான் வைக்கப்போகும் நான்கு பற்களும் எந்தப் பல் மருத்துவமனையிலும் அன்றாடம் பார்க்கக் கிடைப்பவை. மருத்துவர் சீட்டில் 18, 28, 38, 48 என்று எழுதியிருக்கிறார். வாயை நான்காகப் பிரித்து, வலது மேல்பக்கத்தை 1 என்றும், இடது மேலை 2 என்றும், இடது கீழை 3 என்றும், வலது கீழை 4 என்றும் எண்ணுவார்கள். அடுத்து வரும் எண், முன்பல்லின் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. எட்டாவதுதான் ஞானப்பல். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சீட்டை நீங்களே படித்துவிடலாம்.

18 நேராக முளைத்திருக்கிறது. பிரஷ் எட்டுகிறது. சொத்தையும் இல்லை, ஈறும் நன்றாக இருக்கிறது. எடுப்பதற்குக் காரணமே இல்லை. பின்னாளில் கீழே அதற்கு எதிர்ப்பல் இல்லாமல் போனால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கிக் கன்னத்தைக் கடிக்கலாம். அப்போது பார்த்துக்கொள்ளலாம். மேல்தாடை எலும்பு மென்மையானது. அங்கே முழுதாக முளைத்த பல்லை எடுப்பது பெரும்பாலும் சில நிமிட வேலை. அதனால் தள்ளிப்போடுவதில் நஷ்டம் குறைவு.

28 எலும்புக்குள் உயரத்தில், மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்கப் போனால் சைனஸுக்கும் வாய்க்கும் இடையே ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. அது அங்கே இருப்பதால் இப்போது யாருக்கும் கெடுதல் இல்லை. இருக்கட்டும்.

38 கீழ்த்தாடை எலும்புக்குள் முழுதாகப் புதைந்திருக்கிறது. கம்பி எட்டவில்லை. இதுவும் இருக்கட்டும். இப்படிப் புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வரும் என்று பயமுறுத்துவார்கள். வரலாம். ஆனால் வருவது அரிது. புதைந்த பல்லின் தலையைச் சுற்றி எக்ஸ்ரேயில் மெல்லிய கருவளையம் தெரிவது இயல்புதான். பல் உருவான பை அது. அந்த வளையம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அகன்றுகொண்டே போனால்தான் நீர்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். அரிதாக வரும் ஒன்றுக்காக எல்லோருடைய எலும்பையும் இன்றைக்கே குடைவது சரியில்லை என்பதே என் கருத்து. படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

48தான் சிக்கலான பல். முன்பக்கமாகச் சாய்ந்து, தலையின் ஒரு மூலையை மட்டும் ஈறுக்கு மேல் நீட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் 47இன் பின்கழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஞானப்பற்களில் நிறையப் பேருக்கு இருப்பது இந்தச் சாய்வுதான். அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் துடைப்பம் நுழையாத சந்தைப்போல, இரண்டு பற்களுக்கும் இடையில் ஓர் இடுக்கு உண்டாகிவிடுகிறது. சோற்றுப் பருக்கையும் இனிப்பும் உள்ளே போகும், பிரஷ் போகாது.

அந்த இடுக்கில் எந்தப் பல் கெடுகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கெடுவது ஞானப்பல்லாக இருந்தால் பெரிய கவலை இல்லை, போனால் போகிறது. ஆனால் சொத்தை பிடிப்பது பெரும்பாலும் 47இன் பின்கழுத்து. பல்லின் தலைப்பகுதியைப் போர்த்தியிருக்கும் கெட்டியான எனாமல் அந்த இடத்தில் மெலிந்து முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர் மென்மையானது, அமிலத்தில் சீக்கிரம் கரையும். மேலிருந்து பார்த்தால் 47 பளிச்சென்று இருக்கும். பின்னால், ஈறுக்கு அடியில், அரிப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும். கண்டுபிடிக்கும்போது அந்த ஆழத்தில் ஈரமில்லாமல் ஃபில்லிங் வைப்பது கடினம். ரூட் கேனால், கேப் என்று செலவு ஏறும். சில நேரம் 47ஐயே எடுக்க வேண்டிவரும். மெல்லுவதற்கு நாம் அன்றாடம் நம்பியிருக்கும் பல் அது. வேலையே செய்யாத ஒரு பல்லைக் காப்பாற்றப்போய், வேலை செய்யும் பல்லை இழப்பதுதான் இந்த விவகாரத்தில் நடக்கக்கூடிய பெரிய நஷ்டம். ஞானப்பல்லைப் பற்றி முடிவெடுக்கும்போது கண்ணை எட்டில் வைக்காதீர்கள், ஏழின் முதுகில் வையுங்கள் என்று சொல்லலாம்.

இதை இங்கிலாந்து அனுபவித்தே கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் அங்கே வலியில்லாத ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுப்பது சர்வசாதாரணம். சிகிச்சைகளின் பலனையும் செலவையும் எடைபோடுவதற்கென்று அமைந்த ‘நைஸ்’ என்ற அரசு நிறுவனம், 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அதை நிறுத்தச் சொன்னது. அந்த நிறுவனம் வெளியிட்ட தொழில்நுட்ப மதிப்பீடுகளில் முதலாவது இதுதான். நோயில்லாத பல்லை எடுப்பதால் நன்மை உண்டு என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, அறுவை சிகிச்சையின் ஆபத்தோ நிச்சயமாக உண்டு என்பது அதன் வாதம். ஞானப்பல்லைச் சுற்றி ஈறு ஒருமுறை வீங்கியதற்காகக்கூட எடுக்க வேண்டாம், அது மிகக் கடுமையாக இருந்தாலொழிய, என்றது. இரண்டாம் முறை வந்தால் எடுக்கலாம்.

நியாயமான முடிவுதான். முதல் சில ஆண்டுகளில் அறுவை சிகிச்சைகள் குறைந்தன. பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறியது. இந்த முறை வந்தவர்களின் வயது வேறு. முன்பு இருபதுகளின் நடுவில் எடுத்துக்கொண்டவர்கள் இப்போது முப்பதைத் தாண்டி வந்தார்கள். எடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சொத்தையின் பங்கு கூடியது. அதில் 47, 37 ஆகியவற்றின் பின்கழுத்துச் சொத்தையைப் பற்றி அறுவை மருத்துவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். 2020இல் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாப் பற்களுக்கும் ஒரே விதி என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் பல்லையும் வயதையும் உடல்நிலையையும் பார்த்து நோயாளியோடு பேசி முடிவெடுக்கச் சொல்கிறது.

அமெரிக்கா இதற்கு நேர்மாறு. அங்கே பதின்வயதின் இறுதியில், கல்லூரிக்குப் போகும் முன் நான்கையும் எடுத்துவிடுவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே இருந்துவந்தது. அதை எதிர்த்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். ஜே ஃப்ரீட்மன் என்ற பல் மருத்துவர், முன்னெச்சரிக்கை அறுவையைப் பொதுச் சுகாதாரக் கேடு என்றே 2007இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் எழுதினார். இரு தரப்புக்கும் நடுவில் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு. 2020இல் வந்த அதன் ஆய்வுத் தொகுப்பில், தகுதியுள்ளவை என்று தேறியவை இரண்டே ஆய்வுகள். எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்று சொல்வதற்கு ஆதாரம் போதவில்லை என்று முடித்துவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று, ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. சிக்கிக் கிடந்த ஞானப்பல்லை வைத்துக்கொண்டவர்களுக்கு முன்பல்லில், அதாவது ஏழாவது பல்லில், ஈறு நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது. நம்பகத்தன்மை குறைவான ஆதாரம் என்று காக்ரேனே சொன்னாலும், அது சுட்டும் இடம் மறுபடியும் ஏழின் முதுகுதான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னோர் ஆய்வு, ஞானப்பல் தள்ளுவதால் முன்வரிசைப் பற்கள் நெருக்கியடித்துக் கோணலாகின்றன என்ற பரவலான நம்பிக்கையைச் சோதித்தது. ஞானப்பல்லை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கீழ் முன்பற்களின் நெருக்கத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயதாக ஆக முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும். “கிளிப் போட்டு வரிசையாக்கிய பல் மறுபடி கோணலாகிடும், அதனால எட்டை எடுத்துடுங்க” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சம்மதிக்க வேண்டியதில்லை.

சரி, எடுப்பதில் என்ன ஆபத்து? கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்தக் குழாயை உரசும், சிலருக்குச் சுற்றிக்கொண்டேகூட இருக்கும். பல்லைப் பிடுங்கும்போது நரம்பு நசுங்கினால் கீழுதட்டின் ஒரு பாதி மரத்துப்போகும். நூற்றில் சிலருக்கு இது வந்து வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடுகிறது. நிரந்தரமாகத் தங்கிவிடுவது பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எண்ணில் சிறியதுதான். ஆனால் உதட்டோரம் எச்சில் வழிவதே தெரியாமல் காலம் முழுக்க வாழ்வது சிறிய தொந்தரவு அல்ல. நாக்கின் பக்கவாட்டுக்குப் போகும் நரம்பும் அந்த ஈறுக்கு உள்பக்கம் மிக அருகில் ஓடுகிறது. அது எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது.

உதட்டு நரம்பின் குழாய் படத்தில் தெரியும். ஓ.பி.ஜி.யில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாக அது ஓடும். வேரைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்திருந்தால், குழாய் திடீரென்று வளைந்தால், அல்லது வேரின் குறுக்கே ஒரு கரும்பட்டை விழுந்திருந்தால், நரம்பும் வேரும் மிக நெருக்கம் என்று கொள்ள வேண்டும். அப்போது சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது முறை. உண்மையிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, பல்லை எடுத்தே தீர வேண்டும் என்றால் கொரோனெக்டமி என்று ஒரு வழி உண்டு. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நோயில்லாத வேரை நரம்போடு சேர்த்து அப்படியே விட்டுவிடுவார்கள். சில வேர்கள் பின்னாளில் மேலே நகர்ந்து வந்து இரண்டாவது அறுவை கேட்கும். அதற்குள் நரம்பை விட்டு விலகி வந்திருக்கும் என்பதால் அது எளிதாக முடியும்.

அறுவை சிகிச்சை வழக்கமாக மரத்துப்போகும் ஊசியில்தான் நடக்கிறது. ஈறைக் கீறி விலக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே குடைந்து, சாய்ந்த பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். அதற்குப் பதிலாக மூன்றாம் நாளுக்கு மேல் வலி ஏறிக்கொண்டே போய், காது வரை தெறித்து, வாயில் நாற்றம் அடித்தால் அது டிரை சாக்கெட். குழியில் உறைந்திருக்க வேண்டிய ரத்தம் கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். ஆபத்தில்லை, ஆனால் பொறுக்க முடியாத வலி. மருத்துவரிடம் திரும்பப் போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

“வயசான பிறகு கஷ்டம்” என்று டாக்டர் சொன்னதை இந்த இடத்தில் எடைபோடலாம். பொய்யில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் எலும்பில் கொஞ்சம் நெகிழ்வு இருக்கும், வேர் முழுதாக நீண்டிருக்காது, நரம்புக்கு எட்டியிருக்காது. முப்பதுக்கு மேல் எலும்பு இறுகுகிறது, சிக்கல்கள் கூடுகின்றன, ஆறுவதற்கு நாளாகிறது. பல்லை எடுத்த பிறகு ஏழின் பின்னால் எலும்பு நிரம்புவதும் இளம்வயதில்தான் நன்றாக நடக்கிறது. ஆனால் இந்த வாதம் என்றோ ஒருநாள் எடுத்தாக வேண்டிய பல்லுக்குத்தான் பொருந்தும். கடைசிவரை எடுக்கவே தேவையில்லாத பல்லைச் சீக்கிரமாக எடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. மிகவும் சீக்கிரமும் கூடாது. 17, 18 வயதில் சாய்ந்து தெரியும் பல் இருபதுகளின் தொடக்கம்வரைகூட நகர்ந்து நிமிர்வது உண்டு. அந்த வயதில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இப்போது நம் 24 வயதுப் பெண்ணின் 48க்குத் திரும்புவோம். 47இன் பின்னால் கம்பி 5 மில்லிமீட்டர் இறங்குகிறது, ரத்தம் கசிகிறது. எக்ஸ்ரேயில் 47இல் இன்னும் சொத்தை தெரியவில்லை. நரம்புக் குழாய் வேருக்குக் கீழே தள்ளி, இரண்டு வெள்ளைக் கோடுகளும் அறுபடாமல் ஓடுகிறது. வலி இல்லாவிட்டாலும் நோய் ஆரம்பித்துவிட்டது, அறுவையின் ஆபத்தோ குறைவு. இந்தப் பல்லை எடுக்கச் சொல்வேன். 48ஐ மட்டும். மற்ற மூன்றும் இருக்கட்டும்.

அதே வாயில் சில விவரங்களை மாற்றிப் பாருங்கள், முடிவும் மாறும். கம்பி 3 மில்லிமீட்டரில் நின்று, ஈறு ஆரோக்கியமாக இருந்து, வேர் நரம்போடு ஒட்டியிருந்தால் அந்தப் பல்லைத் தொடாமல் கவனிப்பதே நல்லது. ஆளுக்கு வயது 24 அல்ல, 55. இத்தனை வருடம் சும்மா இருந்த பல், 47க்கும் கெடுதல் இல்லை என்றாலும் அப்படியே விட்டுவிடலாம். அந்த வயதில் சும்மா இருக்கும் பல்லைக் கிளறுவதில் ஆபத்துதான் அதிகம்.

வாய்க்கு வெளியே இருக்கும் சில காரணங்களும் தராசைச் சாய்க்கும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கவிருப்பவர்கள் சந்தேகத்துக்குரிய பற்களை முன்கூட்டியே எடுத்துக் குழி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னால் பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். எலும்புத் தேய்மானத்துக்கும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் தரும் சில மருந்துகளும் இதே போன்ற தொல்லையைத் தரும். அவற்றைத் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதி முளைத்த ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்குவது அடிக்கடி நடக்கும். அப்போது எக்ஸ்ரே எடுக்கவும் தயக்கம், மருந்து கொடுக்கவும் தயக்கம். எனவே ஒருமுறை வீங்கி அடங்கிய பல் இருந்தால், குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே முடிவெடுத்துவிடுவது நல்லது. கப்பல் வேலைக்கோ, மருத்துவ வசதி எளிதில் கிடைக்காத இடத்துக்கோ ஒப்பந்தத்தில் போகிறவர்களும் இதை யோசிக்கலாம். நடுக்கடலில் தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் போவது விளையாட்டல்ல.

இனி, எடுக்காமல் விட்ட மூன்று பற்கள். “கவனித்துக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டு ஐந்து வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதைக் கவனிப்பு என்று சொல்ல முடியாது. கவனிப்பு என்பதும் ஒரு சிகிச்சைதான். அதற்கும் நேரமும் பணமும் வேண்டும். வலி இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒருமுறையாவது போய்க் கம்பியை வைத்து ஏழின் பின்பக்கத்தை அளக்கச் சொல்ல வேண்டும். பாதி முளைத்துச் சாய்ந்த பல்லாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அளவைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போன முறை 3, இந்த முறை 5 என்று தெரிந்தால்தான் அளப்பதற்கே அர்த்தம். எக்ஸ்ரே ஒவ்வொரு முறையும் தேவையில்லை. புதைந்த பல்லுக்கு ஓரிரு வருட இடைவெளியில் ஒரு படம் எடுத்து, மாற்றம் இல்லை என்றால் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். சாய்ந்த பல்லுக்கு முன்னால் இருக்கும் ஏழின் கழுத்தில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மட்டும் எடுக்கும் சின்ன எக்ஸ்ரே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசிப் பல்லைத் தேய்க்க எல்லோரும் வாயை அகலத் திறக்கிறார்கள். அப்படித் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ் நுழையாது. வாயைப் பாதி மூடினால் கன்னம் தளரும், சின்னத் தலை பிரஷ் கடைசிவரை போகும். ஒரே ஒரு குஞ்சம் வைத்த பிரஷ் மருந்துக்கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்தாலும், காரணமில்லாமல் வாயில் கெட்ட சுவை தட்டினாலும், வாய் முன்பு போலத் திறக்க மறுத்தாலும், அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு தாடை வீங்கினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்கையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று சொல்லும் மருத்துவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் காரணம் கேளுங்கள். ஏழின் பின்னால் எத்தனை மில்லிமீட்டர், வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம், எடுக்காவிட்டால் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் படத்தைக் காட்டிப் பதில் சொல்வார். பதில் திருப்தி தராவிட்டால், சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வாய், முக அறுவைப் பிரிவு இருக்கிறது, அங்கே இன்னொருவரிடம் காட்டலாம். ஞானப்பல்லில் வலியில்லாதவரை நாலைந்து வாரம் யோசிப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. வெளியே வரும்போது ஓ.பி.ஜி. படத்தைக் கேட்டு வாங்கி, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.